அப்பாவின் பங்குகள்: விலைக்கு முன்னால் தேதியைத் தேடுங்கள்

வருமான வரித் துறையின் நோட்டீஸில் அந்தக் கேள்வி ஒரே வரியில் இருக்கும்: விற்ற பங்குகளின் கொள்முதல் விலைக்கு ஆதாரம் தருக. நாமே வாங்கி நாமே விற்ற பங்கு என்றால் பதில் சுலபம். தரகரின் இணையதளத்தில் நுழைந்தால் கணக்கு கிடைத்துவிடும். அப்பாவோ மாமனாரோ முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போன பங்கு என்றால்? வாங்கியவர் இல்லை. வாங்கிக் கொடுத்த தரகர் தொழிலை விட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருக்கும். 1937-இல் தொடங்கிய சென்னைப் பங்குச் சந்தையே 2015-இல் செபியின் அனுமதியோடு விடைபெற்றுவிட்டது. அங்கே அன்று எழுதிய கான்ட்ராக்ட் நோட்டை இன்று யாரிடம் போய்க் கேட்பது?

இந்த இடத்தில் வாரிசுகள் பொதுவாக இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் விலை தெரியவில்லை என்று பூஜ்யம் போட்டுத் தேவைக்கு அதிகமாக வரி கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் அப்பா காலமான நாளின் சந்தை விலையைக் கொள்முதல் விலையாகப் போட்டுவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. வாரிசாக வந்த சொத்துக்கு, வந்த நாளின் விலையை இந்தியச் சட்டம் ஏற்பதில்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 49(1) பிரிவு, முந்தைய உரிமையாளரின் அடக்க விலைதான் வாரிசின் அடக்க விலை என்கிறது. அவர் வைத்திருந்த காலமும் வாரிசின் காலத்தோடு சேரும். 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல்தான் நடைமுறைக்கு வருகிறது. அதற்கு முந்தைய விற்பனைகளுக்கு வரும் கேள்விகள் எல்லாம் பழைய சட்டத்தின்படியே நடக்கும்.

அப்படியானால் அப்பா கொடுத்த விலையைக் கண்டுபிடித்தே ஆக வேண்டுமா? பட்டியலிடப்பட்ட பங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டாம். தேவைப்படுவது அவர் வாங்கிய தேதியும், அன்றைய பங்குகள் இன்றைய எண்ணிக்கையாக எப்படி ஆயின என்ற வரலாறும்தான். அவை இரண்டும் ரெஜிஸ்ட்ராரிடம் இருக்கின்றன.

2018 ஜனவரி 31 என்ற கோடு

2004 அக்டோபர் முதல் 2018 மார்ச் வரை, பங்குப் பரிவர்த்தனை வரி கட்டிச் சந்தையில் விற்ற பங்கின் நீண்டகால ஆதாயத்துக்கு வரி கிடையாது. 2018 பிப்ரவரி 1 அன்று பட்ஜெட் படித்த அருண் ஜேட்லி அந்தச் சலுகையை எடுத்தார். அந்த ஆண்டு ஏப்ரல் முதல் 112ஏ என்ற புதிய பிரிவின்படி வரி வந்தது. ஆனால் அதுவரை சேர்ந்த லாபத்துக்குப் பின்தேதியிட்டு வரி போடக் கூடாது என்பதால் ஒரு கோடு கிழித்தார்கள். 2018 பிப்ரவரி 1-க்கு முன் வாங்கிய பட்டியலிட்ட பங்கு என்றால், 2018 ஜனவரி 31 அன்று சந்தையில் அது தொட்ட அதிகபட்ச விலையை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம்.

விதி இரண்டு படிகளில் வேலை செய்கிறது. முதலில், ஜனவரி 31 உச்ச விலை, விற்ற விலை இரண்டில் குறைவானதை எடுக்க வேண்டும். அதை அசல் கொள்முதல் விலையோடு ஒப்பிட்டு, எது அதிகமோ அதுவே அடக்க விலை. தொண்ணூறுகளில் வாங்கிய ஒரு நல்ல நிறுவனத்தின் பங்கில், அசல் விலை 2018 விலையைவிட அதிகமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே ஒப்பீட்டில் அது தோற்றுப்போகும். அப்பா எண்பது ரூபாய்க்கு வாங்கினாரா, தொண்ணூறுக்கா என்ற கேள்வியால் வரியில் ஒரு ரூபாயும் மாறாது.

மாற்றக்கூடியது வேறொன்று. அந்தப் பங்கு கோட்டுக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா? பழைய பங்கு என்பதை நிரூபித்தால் 2018 விலை கிடைக்கும். நிரூபிக்க முடியாவிட்டால் அதிகாரி அடக்க விலையையே ஏற்க மறுக்கலாம். போலிப் பங்குகளில் செயற்கையாக லாபம் காட்டிய வழக்குகளை நிறையப் பார்த்தவர்கள் அவர்கள். எனவே ‘இது உண்மையில் முப்பது ஆண்டு பழைய பங்குதானா’ என்பதுதான் அவர்கள் மனத்தில் இருக்கும் கேள்வி. நோட்டீஸில் விலை என்று எழுதியிருந்தாலும், பதில் சொல்ல வேண்டியது தேதிக்கு.

அரசிடம் இருக்கும் தகவல் ஏன் பொருந்துவதில்லை

வருமான வரித் தளத்தில் ஒவ்வொருவருக்கும் ஏ.ஐ.எஸ். என்னும் ஆண்டுத் தகவல் அறிக்கை இருக்கிறது. நீங்கள் விற்ற பங்குகள் அதில் வரிசையாக வந்திருக்கும். அந்த விவரத்தைத் தருவது என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். என்ற இரண்டு டெபாசிட்டரிகள். உங்கள் டீமேட் கணக்கில் பங்கு எப்போது வந்தது, எப்போது போனது என்பது அவற்றுக்குத் தெரியும். அப்பாவின் மறைவுக்குப் பின் 2022-இல் பங்கு உங்கள் கணக்குக்கு மாறியிருந்தால், அங்கே பதிவாகும் வரவுத் தேதி 2022-தான். அதற்கு அப்பா கொடுத்த விலை அங்கே எங்கும் இல்லை. அடக்க விலைக் கட்டம் காலியாகவோ, பொருந்தாத ஒரு தொகையோடோ இருப்பதற்குக் காரணம் இதுதான். விற்ற தொகைகூடச் சில நேரம் அன்றைய முடிவு விலையைக் கொண்டு மதிப்பிட்டதாக இருக்கும். உங்கள் தரகர் தந்த கணக்கோடு அது சில நூறு ரூபாய் வேறுபட்டால் பதற வேண்டாம். கான்ட்ராக்ட் நோட்டில் இருப்பதே சரியான தொகை.

ஆக, அறிக்கையில் 2022, நீங்கள் தாக்கல் செய்த படிவத்தில் 2018-இன் விலை. இந்த முரண்பாடுதான் பெரும்பாலும் கேள்வியாகத் திரும்பி வருகிறது. பதிலில் 2022-லிருந்து பின்னோக்கி, அப்பா வாங்கிய நாள்வரை ஒரு சங்கிலி போட்டுக் காட்ட வேண்டும். அந்தச் சங்கிலிக்கு மூன்று கண்ணிகள்: உங்கள் டீமேட் கணக்கு, அப்பாவின் டீமேட் கணக்கு, அதற்கும் முந்தைய காகிதப் பங்குகளின் காலம்.

ரெஜிஸ்ட்ராரிடம் என்ன இருக்கும்

ஒவ்வொரு நிறுவனமும் தன் உறுப்பினர் பதிவேட்டை ஒரு பங்குப் பதிவாளரிடம் ஒப்படைத்திருக்கும். சந்தையில் இவர்களை ரெஜிஸ்ட்ரார் என்பார்கள். சென்னையில் கேமியோ, இன்டக்ரேட்டட் போன்றவை. இந்திய அளவில் கேஃபின், எம்.யு.எஃப்.ஜி. இன்டைம். பழைய காகிதங்களில் கார்வி என்றோ லிங்க் இன்டைம் என்றோ இருந்தால் திகைக்க வேண்டாம். முன்னதுதான் இன்றைய கேஃபின், பின்னதுதான் எம்.யு.எஃப்.ஜி. இன்டைம். நிறுவனத்துக்கு இப்போது யார் ரெஜிஸ்ட்ரார் என்பது அதன் ஆண்டறிக்கையிலும், பங்குச் சந்தைத் தளங்களில் அந்த நிறுவனத்தின் பக்கத்திலும் இருக்கும்.

உறுப்பினர் பதிவேட்டை நிரந்தரமாகக் காக்க வேண்டும் என்பது நிறுவனச் சட்ட விதி. நமக்குப் பலம் அதுதான். தரகர் சில ஆண்டுகளில் கணக்கைக் கழித்துவிடலாம், வங்கி பழைய பேரேடு இல்லை என்று கைவிரிக்கலாம். பதிவேடு மட்டும் இருந்தாக வேண்டும். அதில் ஃபோலியோ எண், பங்குகள் வந்த தேதி, வந்த விதம், சான்றிதழ் எண்கள், பங்குகளின் வரிசை எண்கள் இருக்கும். வந்த விதம் என்பது முக்கியம். நிறுவனமே ஒதுக்கியதா, இன்னொருவரிடமிருந்து பெயர் மாற்றமா, போனஸா, ரைட்ஸா என்பதை அது சொல்லிவிடும்.

பதிவேட்டில் இல்லாத ஒன்று, சந்தையில் கொடுத்த விலை. ரெஜிஸ்ட்ராருக்கு அது தேவையில்லாத செய்தி. எனவே ‘கொள்முதல் விலையைத் தெரிவிக்கவும்’ என்று கேட்டு எழுதினால் ‘எங்களிடம் இல்லை’ என்ற ஒரு வரி பதில்தான் வரும். கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். ஃபோலியோவில் முதல் பங்கு வந்த நாள் முதல் அது டீமேட் ஆன நாள்வரை, ஒவ்வொரு வரவின் தேதி, எண்ணிக்கை, விதம், சான்றிதழ் எண் ஆகியவற்றைக் கடிதமாகத் தரும்படி கேளுங்கள். ஒதுக்கீடாகவோ ரைட்ஸாகவோ வந்திருந்தால் வெளியீட்டு விலையையும் கேளுங்கள். அது நிறுவனத்தின் சொந்த விலை என்பதால் அவர்களால் சொல்ல முடியும். கடிதத்தோடு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்று, உங்கள் பான் அட்டை நகல், அப்பாவின் பழைய முகவரி எல்லாம் வைக்க வேண்டும். அப்பாவின் பெயர் ஓரிடத்தில் முன்னெழுத்தோடும் இன்னோரிடத்தில் தாத்தா பெயர் விரித்தும் இருந்தால், ஒரே ஆளுக்கு இரண்டு ஃபோலியோ இருந்திருக்கலாம். எல்லா வடிவங்களையும் எழுதித் தேடச் சொல்லுங்கள்.

பதில் வர வாரக்கணக்கில் ஆகும். வரவே இல்லை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதியலாம்.

காகிதச் சான்றிதழ் இன்னும் கையில் இருந்தால், டீமேட்டுக்குக் கொடுப்பதற்கு முன் இரு பக்கமும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் பெயர் மாற்றப் பட்டியல் இருக்கும். யார் பெயருக்கு, எந்தத் தேதியில், எந்த எண்ணில் மாற்றப்பட்டது என்று கையெழுத்தோடு பதிந்திருக்கும். டீமேட்டுக்குப் போன சான்றிதழ் திரும்பி வராது.

ஒரு சிறு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். பதிவேட்டில் இருப்பது பெயர் மாற்றம் பதிவான தேதி. காகிதக் காலத்தில் தரகரிடம் வாங்கி, மாற்றுப் பத்திரம் நிரப்பி, தபாலில் அனுப்பி, பதிவாகி வர இரண்டு மூன்று மாதங்கள் ஓடிவிடும். தரகரின் நோட்டில் உள்ள தேதியையே வாங்கிய தேதியாகக் கொள்ளலாம் என்று 1995-இல் வரி வாரியம் 704-ஆம் எண் சுற்றறிக்கை வெளியிட்டது. 1995-இல் வாங்கியதற்கு இந்த மூன்று மாதத்தால் ஒன்றும் ஆகாது. ஏதாவது ஒரு கோட்டின் ஓரத்தில் நிற்கும் பங்குகளுக்கு மட்டும் தரகரின் காகிதம் தேவைப்படும்.

தரகரும் டிவிடெண்ட் துண்டும்

தரகர் இன்றும் தொழிலில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஆனால் அவரிடமிருந்து எதிர்பார்க்க வேண்டியது, 2000-க்குப் பிந்தைய டீமேட் காலத்துக் கணக்கு. அப்பாவின் டீமேட் கணக்கு அதே தரகரிடம் இருந்திருந்தால் முழுப் பரிவர்த்தனை அறிக்கை தர அவரால் முடியும். பங்குகள் வாரிசுக்கு மாறியதும் அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள். மூடுவதற்கு முன்பே, தொடங்கிய நாள் முதல் முடிந்த நாள்வரை அறிக்கையைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். காகிதப் பங்குகள் எந்தத் தேதியில் டீமேட் ஆயின, அதன்பின் எந்த போனஸ் எப்போது வரவானது என்பதெல்லாம் அதில் இருக்கும். காகிதக் காலத்தையும் டீமேட் காலத்தையும் இணைக்கும் கண்ணி அதுதான்.

ரெஜிஸ்ட்ராரிடமும் பதிவு குழம்பியிருந்தால் வீட்டுக் காகிதங்கள் உதவும். டிவிடெண்ட் வாரன்டின் கிழித்த துண்டில் ஃபோலியோ எண்ணும், அன்றைக்கு எத்தனை பங்குகள் என்பதும் அச்சாகியிருக்கும். 1996-இன் துண்டில் இருநூறு, 1994-இன் துண்டே இல்லை என்றால், வாங்கியது எந்த இடைவெளியில் என்பது ஓரளவு தெரிந்துவிடுகிறது. வங்கிப் புத்தகத்தில் அதே தொகை வரவாகியிருந்தால் ஆதாரம் இரட்டிப்பாகும். தனியாக நிற்கும்போது இவை பலவீனமானவை. ரெஜிஸ்ட்ராரின் கடிதத்தோடு சேர்ந்தால் ஒன்றையொன்று தாங்கும்.

ஒரு கணக்கு

மீனாட்சி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். கணக்கும் கற்பனைதான், விதிகள் உண்மை. சம்பளக்காரர். அவருடைய அப்பா சென்னையில் ஒரு தரகர் மூலம் ஒரு நிறுவனத்தில் இருநூறு பங்குகள் வாங்கியிருந்தார். 2021-இல் காலமானார். 2022-இல் மீனாட்சியின் டீமேட் கணக்குக்கு 3,000 பங்குகள் வந்தன. 2023 டிசம்பரில் எல்லாவற்றையும் பங்குக்கு 400 ரூபாய் வீதம் விற்றார். கிடைத்தது 12 லட்சம். 2018 ஜனவரி 31 அன்று அந்தப் பங்கின் உச்ச விலை 310 ரூபாய். அவர் 3,000-ஐ 310-ஆல் பெருக்கி, 9,30,000 ரூபாயை அடக்க விலையாகக் காட்டினார். ஆதாயம் 2,70,000. அடுத்த ஆண்டு நடுவில் நோட்டீஸ் வந்தது: அடக்க விலைக்கு ஆதாரம் தருக.

ரெஜிஸ்ட்ராரின் கடிதமும் அப்பாவின் டீமேட் அறிக்கையும் வந்தபோது சங்கிலி இப்படி விரிந்தது. 1995-இல் பெயர் மாற்றம் வழியாக 200 பங்குகள். 2003-இல் அவை டீமேட் ஆயின. 2006-இல் பத்து ரூபாய் முகமதிப்பு இரண்டு ரூபாயாகப் பிரிக்கப்பட்டு 1,000 ஆயின. 2010-இல் ஒன்றுக்கு ஒன்று போனஸ், 2,000. 2019-இல் இரண்டுக்கு ஒன்று போனஸ், 3,000.

கடைசி வரியில்தான் சிக்கல். 2019-இல் வந்த 1,000 போனஸ் பங்குகள் கோட்டுக்குப் பின்னால் வந்தவை. அவற்றுக்கு 2018 விலை கிடையாது. போனஸ் பங்கின் அடக்க விலை பூஜ்யம். 2010-இன் போனஸும் அப்படித்தானே என்று கேட்கலாம். அசல் விலை பூஜ்யம்தான், ஆனால் அது கோட்டுக்கு முன்னால் வந்ததால் 310 ரூபாய் சலுகை அதற்கும் உண்டு.

ஆகவே 2,000 பங்குகளுக்கு அடக்க விலை 6,20,000. விற்றது 8,00,000. ஆதாயம் 1,80,000. மீதி 1,000 பங்குகளுக்கு அடக்க விலை பூஜ்யம், ஆதாயம் 4,00,000. மொத்தம் 5,80,000. அந்த ஆண்டு விதிப்படி முதல் ஒரு லட்சத்துக்கு வரி இல்லை. மீதி 4,80,000-க்குப் பத்து சதவீதம் 48,000. நான்கு சதவீத செஸ் சேர்த்து 49,920 ரூபாய். ஆதாரமே தராமல் அடக்க விலை பூஜ்யம் என்று முடிவாகியிருந்தால், இதே கணக்கு 1,14,400 ரூபாயில் போய் நின்றிருக்கும்.

இந்தக் கணக்கு முழுவதிலும் 1995-இல் அப்பா கொடுத்த விலை எங்குமே தேவைப்படவில்லை என்பதைப் பாருங்கள். 200 பங்குகளை 90 ரூபாய்க்கு வாங்கியிருந்தாலும் மொத்தம் 18,000தான். 1,000 பங்குகளுக்குப் பிரித்தால் தலைக்கு 18 ரூபாய். 310-க்கு முன்னால் அது செல்லாது. கான்ட்ராக்ட் நோட்டுக்காகப் பரணை உருட்டியிருந்தால் அந்த உழைப்பு வீண். 2019 போனஸைக் கவனிக்காமல் விட்டதோ 3,10,000 ரூபாய் ஆதாயத்தைக் குறைத்துக் காட்டிவிட்டது.

இது அரிதான சிக்கல் அல்ல. இன்ஃபோசிஸ் 1993-இல் 95 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. அன்று நூறு பங்குகள் பெற்று ஒன்றையும் விற்காமல் வைத்திருந்தவரிடம், பல போனஸ்களும் ஒரு முகமதிப்புப் பிரிப்பும் முடிந்து இன்று 1,02,400 பங்குகள் இருக்கும். அவற்றில் சரிபாதி 2018 செப்டம்பரில் வந்த ஒன்றுக்கு ஒன்று போனஸ். அந்த 51,200 பங்குகளின் அடக்க விலை பூஜ்யம். மற்ற 51,200-க்கு 2018 ஜனவரி 31-இன் விலை முழுமையாக உண்டு.

போனஸுக்கும் முகமதிப்புப் பிரிப்புக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரண்டிலும் எண்ணிக்கை கூடுகிறது, சந்தை விலை இறங்குகிறது. ஆனால் 2018-க்குப் பிறகு பங்கு பிரிக்கப்பட்டிருந்தால், பழைய விலையும் அதே விகிதத்தில் பிரிந்து எல்லாப் பங்குகளுக்கும் போகும். ஐநூறு ரூபாய்ப் பங்கு ஐந்தானால் ஒவ்வொன்றுக்கும் நூறு. போனஸ் வந்திருந்தால் பழைய பங்குக்கு முழு விலை, புதியதற்குப் பூஜ்யம். ரெஜிஸ்ட்ராரின் கடிதத்தில் ‘வந்த விதம்’ என்ற கட்டம் ஏன் வேண்டும் என்பது இதனால்தான். எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் பிரிப்பா, போனஸா என்று சொல்ல முடியாது.

பழைய விலை உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள்

எல்லாப் பங்குக்கும் 2018 கைகொடுக்காது. பட்டியலிலேயே இல்லாத நிறுவனம், பட்டியலிலிருந்து நீங்கிய நிறுவனம், சந்தைக்கு வெளியே தனியாருக்கு விற்ற பங்கு ஆகியவை 112ஏ பிரிவுக்குள் வராது. அங்கே பழைய அடக்க விலையேதான் கணக்கு. 2018-க்குள் விலை சரிந்துபோன நிறுவனத்தில் நஷ்டம் காட்ட விரும்பினாலும் அசல் விலைக்கு ஆதாரம் வேண்டும்.

இதற்குச் சட்டம் இரண்டு வழிகள் தருகிறது. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது என்றால், அசல் விலைக்குப் பதில் அந்த நாளின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அது ஞாயிற்றுக்கிழமை. அதனால் பட்டியலில் இருந்த பங்குக்கு முந்தைய வெள்ளிக்கிழமையான 2001 மார்ச் 30-இன் விலையைப் பார்ப்பது வழக்கம். மும்பைச் சந்தையின் தளத்தில் பழைய விலை வரலாறு கிடைக்கிறது. பட்டியலில் இல்லாத பங்குக்கு அன்றைய நிதிநிலை அறிக்கையைக் கொண்டு மதிப்பீட்டாளரின் அறிக்கை பெற வேண்டும்.

இரண்டாவது வழி 55(3) பிரிவு. முந்தைய உரிமையாளர் கொடுத்த விலையைக் கண்டறியவே முடியாவிட்டால், அந்தச் சொத்து அவர் கைக்கு வந்த நாளின் சந்தை மதிப்பையே அவருடைய அடக்க விலையாகக் கொள்ளலாம். விலை தெரியாதவருக்கும் பூஜ்யம் தண்டனை இல்லை என்பதுதான் இதன் பொருள். ஆனால் கவனியுங்கள்: இங்கும் சட்டம் கேட்பது தேதியை. அப்பா கைக்கு எந்த நாளில் வந்தது என்று ரெஜிஸ்ட்ரார் சொன்னால்தான் அந்த நாளின் விலையைத் தேட முடியும். தேடியும் கிடைக்கவில்லை என்பதையும் காட்ட வேண்டும். ரெஜிஸ்ட்ராருக்கும் தரகருக்கும் எழுதிய கடிதங்களும், ‘எங்களிடம் இல்லை’ என்று அவர்கள் தந்த பதிலும் அதற்கு ஆதாரம். அந்தப் பதிலைக் கோபத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

நிறுவனம் இரண்டாகப் பிரிந்திருந்தால் பழைய அடக்க விலையையும் பிரிக்க வேண்டும். விகிதத்தை நிறுவனங்களே அறிவிக்கும். 2023-இல் ஜியோ ஃபைனான்ஷியல் தனியாகப் பிரிந்தபோது, ரிலையன்ஸ் பங்கின் பழைய அடக்க விலையில் 95.32 சதவீதம் ரிலையன்ஸுக்கும் 4.68 சதவீதம் புதிய பங்குக்கும் என்று அறிவித்தது. இத்தகைய பங்குகளில் 2018 விலையை எப்படிப் பொருத்துவது என்பது நுணுக்கமானது. ஆடிட்டரிடம் விடுவதே நல்லது.

பதிலை எழுதும் முறை

பதில் இணையத் தளத்தின் இ-புரொசீடிங்ஸ் பகுதி வழியாகப் போகும். படிப்பவர் உங்கள் அப்பாவை அறியாதவர், முகம் காணாதவர். எனவே நீண்ட விளக்கத்தைவிட வரிசையான கணக்கு உதவும். முதலில் ஒரு பத்தியில் கதை: பங்கு யாருடையது, எப்போது காலமானார், எப்போது உங்கள் கணக்குக்கு வந்தது. அடுத்து, 1995 முதல் விற்ற நாள்வரை ஒவ்வொரு வரவும் மாற்றமும் ஒரு வரியாக, அந்த வரிக்கு எந்த இணைப்பு ஆதாரம் என்ற எண்ணோடு. அதன்பின் கோட்டுக்கு முன் வந்தவை, பின் வந்தவை என்று பிரித்த ஆதாயக் கணக்கு. 2018 ஜனவரி 31 விலைக்குப் பங்குச் சந்தையின் அன்றைய விலைப் பட்டியலை இணைக்க வேண்டும். இரண்டு சந்தைகளிலும் எது அதிகமோ அந்த உச்சத்தை எடுக்கலாம். அன்று வர்த்தகம் நடக்காத பங்கு என்றால், அதற்கு முன் கடைசியாக வர்த்தகமான நாளின் உச்சம். கடைசியாக, ஏ.ஐ.எஸ். காட்டும் தேதி ஏன் வேறாக இருக்கிறது என்பதற்கு ஒரு வரி: அது வாரிசுரிமை மாற்றத்தின் தேதி, கொள்முதல் தேதி அல்ல.

மீனாட்சியின் கதையில் உள்ளதுபோல், ஆதாரம் திரட்டும்போது நம் கணக்கிலேயே பிழை தெரியவந்தால் என்ன செய்வது? திருத்தித் தாக்கல் செய்வதற்கான கடைசி நாள் தாண்டவில்லை என்றால் படிவத்தைத் திருத்தித் தாக்கல் செய்யலாம். தாண்டிவிட்டால், ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போது புதுப்பித்த படிவம் போட வழியில்லை. பதிலிலேயே சரியான கணக்கைத் தந்து, கூடுதல் வரியையும் வட்டியையும் கட்டிவிடுவதே வழி. மீனாட்சிக்குக் கூடுதல் வரி செஸ்ஸோடு 32,240 ரூபாய். குறைத்துக் காட்டியதற்கு அபராதம் வரலாம். ஆனால் வேண்டுமென்றே தவறான விவரம் தரவில்லை என்றால், உத்தரவுப்படி வரியைக் கட்டி, மேல்முறையீடும் செய்யாமல், 270ஏஏ பிரிவின்கீழ் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க இடமுண்டு.

எந்த நிலையிலும் செய்யக் கூடாத ஒன்று, பழைய தேதியிட்டு ஒரு கான்ட்ராக்ட் நோட்டைத் தயார்செய்து வைப்பது. ரெஜிஸ்ட்ராரின் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்தால் அது ஒரே பார்வையில் குட்டை உடைக்கும். நேர்மையான தவறு அதோடு மோசடியாகிவிடும்.

நோட்டீஸுக்கு அவகாசம் பெரும்பாலும் இரண்டு வாரம்தான். ரெஜிஸ்ட்ராரின் பதிலுக்கு அது போதாது. எழுதிய கடிதத்தின் நகலை இணைத்து அவகாசம் கேட்டால் பொதுவாகக் கிடைக்கும். அதைவிட நல்லது, பங்கு உங்கள் பெயருக்கு மாறும் அன்றே ரெஜிஸ்ட்ராரிடம் இந்த வரலாற்றைக் கேட்டு வாங்கிவிடுவது. அன்று எல்லாக் காகிதங்களும் உங்கள் கையில் இருக்கும், அவர்களுடைய கோப்பும் திறந்தே இருக்கும். விற்பது பத்து ஆண்டு கழித்தாக இருக்கலாம். கடிதத்தை இன்றே எழுதிவிடுங்கள்.